ரோசிலி விட்ட காலி வரி

வைப்பின் தீவிலிருந்து எறணாகுளம் வரும் காலை பஸ்ஸில் ரோசிலியின் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படம் பார்ப்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். கண்ணை ஜன்னல் பக்கம் வைத்திருப்பதுபோல் தோன்றும். ஆனால் அடுத்தவர் போனில் ஓடுகிற சப்டைட்டிலைத்தான் படித்துக்கொண்டிருப்பாள். வரியைத் தப்பான இடத்தில் முறித்திருந்தால் 'ச்சே' என்று வாய்விட்டுச் சொல்வாள். ஒருமுறை காலேஜ் பையன் ஒருவன் பயந்து போனையே அணைத்துவிட்டான். "உன்னைச் சொல்லல மோனே, இதை எழுதினவன் கையில புண்ணு வரணும்" என்று அவனுக்குச் சமாதானம் சொன்னாள்.

நகரத்துக்குள் கலூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது அவள் வேலை செய்யும் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்பது பெரிய வார்த்தை. இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், கீழிருந்து மாடிப்படி ஏறி வருகிற பப்ஸ் வாசனை, அவ்வளவுதான். முதலாளி பேபிச்சன் முன்பு கல்யாண வீடியோ எடுத்தவர். ரோசிலி கல்யாணப் பத்திரிகை டைப் அடித்தவள். இரண்டு தொழிலும் படுத்த பிறகு, மலையாளப் படங்களுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் போடுகிற வேலையில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். கன்னியாஸ்திரிகள் பிரம்பால் தட்டித் தட்டி ஏற்றிய இங்கிலீஷ் நாற்பது வயதுக்குப் பிறகு அவளுக்குச் சோறு போட்டது.

வேலையை அவள் கட்டிக்கொண்டு அழுதாள் என்றே சொல்ல வேண்டும். ஒரு வசனம் திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. படிக்கிறவன் கண் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு இறங்கும்போது மூச்சு முட்டக் கூடாது. பேசுகிறவள் வாய் திறக்கும்போது எழுத்து வர வேண்டும், மூடும்போது போக வேண்டும். இத்தனையும் செய்து, படம் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு சப்டைட்டில் இருந்ததே நினைவில் இருக்கக் கூடாது. பெயர் தெரியாமல் நன்றாக இருப்பதுதான் இந்தத் தொழிலில் கிடைக்கிற மரியாதை. பெயர் தெரிந்தால் அது வசவுக்காகத்தான் இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் ஹரிகோவிந்த் என்ற பையன் ஓர் ஆவணப்படத்தோடு வந்தான். பையன் என்றால் முப்பத்தைந்து இருக்கும். தாடியும் தோள்பையும் இருந்ததால் பையனாகவே நடமாடினான். மலைப்பக்கத்துக் கல்குவாரி ஒன்றைப் பற்றிய படம். மழையில் பாறை ஊறியிருக்கும்போது வெடி வைத்ததில் மேல்பக்கம் சரிந்து வேலையாள் ஒருவர் செத்துப்போனார். 'மழையால் நேர்ந்த விபத்து' என்று எழுதி விஷயத்தை மூடிவிட்டார்கள். படத்தில் ஊர்க்காரர்கள், டிரைவர்கள், வக்கீல் என்று பலரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நடுவில் செத்தவரின் மனைவி வருகிறாள். பெயர் கார்த்தியாயனி.

மற்றவர்கள் பேசியதற்கும் கார்த்தியாயனி பேசியதற்கும் வித்தியாசம் இருந்தது. அவள் ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவதைச் செலவழிக்க மாட்டாள். ஹரி கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்பான். அவள் வெற்றிலை துப்புகிற மாதிரி ஒரு பதிலைப் போட்டுவிட்டு அவனையே பார்ப்பாள்.

"அன்னைக்கு வெடி வைக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"நான் சொன்னேன்."

"யார்கிட்டப் போய்ச் சொன்னீங்க?"

"மொதலாளிகிட்ட. வீட்டுக்கே போய்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'உன் புருசன் வரலேன்னா மகனை அனுப்பு'ன்னார்."

மலைப்பக்கத்துப் பேச்சு அவ்வளவாகப் பிடிபடாததால் ரோசிலி அவளுக்கே போன் போட்டுக் கேட்டாள். ஒரு சந்தேகத்துக்காகப் போட்ட போன் வாரம் இரண்டு தடவை என்று ஆனது. கார்த்தியாயனி போனிலும் அளந்துதான் பேசுவாள். ஆனால் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நீட்டினாள்.

"இந்த ஊருக்கு எல்லாம் தெரியும் மோளே. தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டிருக்கு. வெளிய இருக்கறவங்க படிக்கணும், அதுக்குத்தான் அந்தப் பையன் முன்னாடி உக்காந்தேன். நீ எழுதறது அவங்களுக்குப் போய்ச் சேருமா?"

"ஒரு வார்த்தை விடாமப் போய்ச் சேரும் சேச்சி. அதுக்கு நான் பொறுப்பு."

வாக்குக் கொடுத்துவிட்டாள். யாரும் கேட்காமல் கொடுக்கிற வாக்குதான் கழுத்தை இறுக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கேள்வியும் குட்டை, பதிலும் குட்டை என்பதால் இரண்டையும் திரையில் ஒன்றாகத் தோன்றும் ஒரே கட்டத்தில் போட வேண்டியிருந்தது: மேல் வரியில் கேள்வி, கீழ் வரியில் பதில். வழக்கமாக இரண்டு பேர் பேசினால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் சின்னக் கோடு போடுவார்கள். ஹரிக்கு அது பிடிக்கவில்லை.

"மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரி இருக்கு சேச்சி. கோடு வேண்டாம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ஒரு இடைவெளி விடுங்க. அவங்க யோசிச்சுச் சொல்ற மாதிரி இருக்கும்."

அவள் அந்த இடத்தில் எல்லாம் ஒரு காலி வரி விட்டாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். கேள்வி மேலே, கொஞ்சம் வெற்றிடம், பதில் கீழே. ஹரி கைதட்டினான். ரோசிலிக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவர்கள் எழுதுவது எஸ்.ஆர்.டி. கோப்பு. அது பரம சாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். அதன் கீழே வசனம் எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்கிற நேரம். அதன் கீழே வசனம். பிறகு ஒரு காலி வரி விட்டு அடுத்த எண். ஐரோப்பாவில் ஒரு விழாக்காரர்கள் படத்தைத் தேர்வுக்குக் கேட்டார்கள். நடுவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு இணையத்தில் பார்ப்பார்களாம். அதனால் வெப் வி.டி.டி. கோப்பாக மாற்றி அனுப்பச் சொன்னார்கள். அது எஸ்.ஆர்.டி.யின் பங்காளிதான். தலையில் தன் பெயரை எழுதிய வரி ஒன்று கேட்கும். நேரத்தில் நொடிக்கும் அதன் துணுக்குக்கும் நடுவே அவன் கமா போட்டால் இவன் புள்ளி கேட்பான். ஆள் ஒன்றுபோல இருப்பான், குணம் வேறு.

மாற்றுகிற விஷயத்தில் அந்த ஆபீஸில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருந்தது. இணையத்தில் சும்மா கிடைத்த ஒரு கருவியில் பேபிச்சன் வேறொரு படத்தை மாற்றியபோது, அது நேரத்தில் இருந்த கமாவோடு வசனத்தில் இருந்த கமாவையும் சேர்த்துப் புள்ளியாக்கியது. போதாததற்கு இரண்டு வரிகளை ஒட்டி ஒரே வரியாக இழுத்துவிட்டது. ரோசிலி அன்று ஆடிய ஆட்டத்தில் பேக்கரிக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நான் ராத்திரி பகலா முறிச்சு வைக்கிற வரியை உங்க மிஷின் ஒட்டி வைக்குமா? இனிமே எதை மாத்தினாலும் நேரமும் மாறக் கூடாது, வரியும் மாறக் கூடாது. நான் விட்டது விட்டபடி இருக்கணும்!"

பேபிச்சன் அதற்குப் பயந்தே தானாக ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார். தலையில் பெயரைப் போடும். நேரம் இருக்கிற வரியில் மட்டும் கமாவைப் புள்ளியாக்கும். மற்றதில் கை வைக்காது. கல்குவாரிப் படத்தையும் அதில்தான் மாற்றினார்கள். ரோசிலி இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நேரம் எல்லாம் அப்படியே. வரிகள் எல்லாம் அப்படியே. அவள் விட்ட காலி வரியும் அப்படியே.

பிறகு பிரவுசரில் ஏற்றி முதல் ஐந்து நிமிஷம் ஓட்டினாள். கடைசி ஐந்து நிமிஷம் ஓட்டினாள். இது இந்தத் தொழில்காரர்களின் பழக்கம். தொடக்கமும் முடிவும் வாயசைவோடு பொருந்தினால் நடுவில் நேரம் நழுவியிருக்காது. அது உண்மையும்கூட. நேரத்துக்கு மட்டும் உண்மை. கார்த்தியாயனி நடுவில் இருந்தாள்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. ஹரி நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் பூவும் பட்டாசும் அனுப்பினான். பேபிச்சன் கீழேயிருந்து கேக் வாங்கி வந்து வெட்டினார். ரோசிலி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவர்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தாள். இரண்டாவது பத்தியில் கேக் கையிலேயே நின்றுவிட்டது.

'எல்லோருடைய பேச்சையும் நமக்கு மொழிபெயர்த்துத் தரும் இயக்குநர், விதவையின் பதில்களை மட்டும் மொழிபெயர்க்க மறுக்கிறார். கேள்வி நமக்குத் தெரிகிறது. அவள் உதடுகள் அசைகின்றன. அர்த்தம் நம்மிடமிருந்து மறைக்கப்படுகிறது. அவளுடைய துயரத்தை நுகர நமக்கு உரிமை இல்லை என்று சொல்லும் இந்த மௌனமே படத்தின் ஆகப் பெரிய துணிச்சல்.'

"என்ன பேபிச்சா எழுதியிருக்கான் இவன்? எந்த மௌனம்? அந்தச் சேச்சிதான் எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருக்காங்களே!"

கேக்கை வைத்துவிட்டு, விழாவுக்கு அனுப்பிய கோப்பைப் பிரவுசரில் போட்டு நேராக நடுப்பகுதிக்குப் போனாள். 'யாராவது சொன்னாங்களா?' என்று கேள்வி வந்தது. கார்த்தியாயனி வாயைத் திறந்தாள், மூடினாள். கீழே ஒன்றும் வரவில்லை. அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் பதில் இல்லை. கடைசிவரைக்கும் ஒரு பதிலும் வரவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாப் பதிலும் உள்ளே இருக்கிறது. ஓடும்போதுதான் காணோம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் விரலை வைத்தாள்.

"காலி வரி" என்றாள். "பேபிச்சா, நான் விட்ட காலி வரி."

விஷயம் அவ்வளவுதான். ஆபீஸ் ப்ளேயர் தாராள மனசுக்காரன். அடுத்த எண்ணும் நேரமும் வருகிறவரைக்கும் கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே கட்டமாக எடுத்துக்கொள்வான். நடுவில் காலி வரி இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டான். வெப் வி.டி.டி. அப்படி இல்லை. காலி வரியைப் பார்த்த இடத்தில் கட்டம் முடிந்தது என்று கதவைச் சாத்திவிடும். அதற்குப் பிறகு வருகிற வரிக்கு நேரம் இல்லை. நேரம் இல்லாததற்குத் திரையில் இடம் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தப்பு என்று ஒரு சத்தம்கூடப் போடாது. வரியை மாற்றாதே, மாற்றாதே என்று இவள் போட்ட கூச்சல்தான் அந்தக் காலி வரியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

காலி வரிகளை எடுத்துவிட்டு, வரிக்கு முன்னால் அந்தச் சின்னக் கோட்டைப் போட்டாள். மறுபடி ஓட்டினாள். பதில்கள் வந்தன. 'உன் புருசன் வரலேன்னா மகனை அனுப்பு' இங்கிலீஷில் கீழ் வரியில் வந்து நின்றது. திருத்திய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஹரிக்குப் போன் போட்டாள். தன் தப்பு என்றே தொடங்கினாள். முழுவதையும் சொன்னாள்.

ஹரி முதலில் கேட்டது வேறொன்று.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா சேச்சி?"

"பேபிச்சனுக்குத் தெரியும். எதுக்கு? இப்பவே அனுப்பிடறேன், அவங்க மாத்திப் போட்டுடுவாங்க."

"அவசரப்படாதீங்க. இது தப்புன்னு ஏன் நினைக்கணும்? சில சமயம் படம் தன்னைத்தானே எடிட் பண்ணிக்கும்."

"படம் பண்ணல ஹரி. நான் விட்ட காலி வரி பண்ணுச்சு."

"யார் பண்ணா என்ன? எவ்வளவு ஆழமா எழுதியிருக்காங்க பாத்தீங்கல்ல? இப்பப் போய், அய்யோ அது கோப்புல கோளாறுன்னு சொன்னா பரிசு கொடுத்தவங்க மூஞ்சியை எங்க வச்சுக்குவாங்க? என் மூஞ்சியை நான் எங்க வச்சுக்குவேன்?"

"கார்த்தியாயனிச் சேச்சி மூஞ்சி?"

"அவங்களை ஒலகம் பூரா பாக்குது சேச்சி, இதைவிட என்ன வேணும்? அந்த மொதலாளி பேரு வெளிய வந்தா கேஸு கீஸுன்னு அவங்களுக்கே வம்பு. ஒரு வகையில இது அவங்களுக்கும் பாதுகாப்பு."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். கார்த்தியாயனியின் வாயை எடுத்துத் தாராளமாகத் தர்மம் செய்துகொண்டிருந்தான் அவன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பதுபோல், போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னான். மற்ற ஊர்களில் தியேட்டரில் காட்டப் போகிற பிரதிக்கு எஸ்.ஆர்.டி.தான் போகும், அதில் பதில்கள் இருக்கின்றன, விழாவில் பார்த்ததற்கும் அதற்கும் பொருந்தாமல் போகும். ஆகையால் அந்தப் பதில்களைச் சேச்சியே எடுத்துவிட வேண்டும்.

"முடியாது" என்றாள் ரோசிலி.

"சேச்சி..."

"அன்னைக்குத் தெரியாம நடந்துச்சு. தெரிஞ்சு என் கையால அழிக்க மாட்டேன். உனக்கு வேணும்னா நீ வந்து உக்காந்து ஒவ்வொண்ணா அழி. அந்தச் சேச்சி மூஞ்சியப் பாத்துக்கிட்டே அழி."

போனை வைத்தாள். வந்தது அவமானமா கோபமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அன்றே விழாக்காரர்களுக்கு நடந்ததை எழுதி, திருத்திய கோப்பையும் சேர்த்து அனுப்பினாள். பதில் மரியாதையாக வந்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி. படத்தில் எந்த மாற்றமும் இயக்குநர் கேட்டால் மட்டுமே செய்யப்படும். சப்டைட்டில்காரி என்று ஓர் உயிர் இருப்பதை அவர்கள் அன்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

மறுநாள் அவள் வரும்போது பேபிச்சன் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

"ஹரிக்கு அனுப்பியாச்சு ரோசிலி."

"எதை?"

"தியேட்டருக்கு எஸ்.ஆர்.டி."

"நீங்க உக்காந்து அழிச்சீங்களா பேபிச்சா? ஒவ்வொண்ணா?"

"சே, நான் எதுக்கு அழிக்கிறேன்? விழாவுக்கு அனுப்பின அந்த வி.டி.டி.யை சப்டைட்டில் எடிட்டர்ல தொறந்து திரும்ப எஸ்.ஆர்.டி.யா சேவ் பண்ணேன். அவ்வளவுதான். அதுக்கு எது கண்ணுல படுதோ அது வந்துச்சு. மத்தது அதுவா விழுந்துடுச்சு."

அவர் சொன்னது சரிதான். அந்தக் கதவைச் சாத்துகிறவன் வழியாக உள்ளே போய்த் திரும்பி வந்தால் காலி வரிக்குப் பின்னால் நின்றவர்கள் வெளியே வர மாட்டார்கள். நேரம் ஒன்றும் மாறவில்லை. கேள்விகள் எல்லாம் தங்கள் தங்கள் நேரத்தில், முறித்த இடத்தில் முறித்தபடி அழகாக இருந்தன. யாரும் எதையும் அழிக்கவில்லை.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"எனக்கு அவன் கஸ்டமர். உனக்கு நான் முதலாளி. இதுல வெக்கத்துக்கு எங்க எடம்?" என்றார் பேபிச்சன். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. போய் எங்கே உட்காருவது? கல்யாணப் பத்திரிகைகூட இப்போது போனிலேயே வந்துவிடுகிறது. அடுத்த படத்தின் கோப்பைத் திறந்து வேலையைப் பார்த்தாள். இரண்டு வாரம் அவள் கார்த்தியாயனிக்குப் போன் போடவில்லை. பஸ்ஸில் யார் போனையும் எட்டிப் பார்க்கவும் இல்லை.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கார்த்தியாயனியே கூப்பிட்டாள். பின்னால் மழை பெய்கிற சத்தம் கேட்டது.

"பேப்பர்ல பாத்தேன் மோளே. பரிசு வந்துச்சாமே."

"ஆமா சேச்சி."

"நான் சொன்னதைப் படிச்சாங்களா?"

படித்தார்கள் என்று சொல்லிவிடலாம். இங்கிலீஷ் தெரியாத அந்த மனுஷி சாகிறவரைக்கும் அது தெரியப் போவதில்லை. ரோசிலி ஈரக் கையோடு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இல்ல சேச்சி. படிக்கல. நான் எழுதினதுல ஒரு கோளாறு. நீங்க சொன்ன பதில் ஒண்ணுகூட அவங்க கண்ணுக்குத் தெரியல. சரிபண்ணிக் குடுத்தேன், மாத்த மாட்டேன்னுட்டாங்க. தப்பு என்னோடதுதான். வாக்குக் குடுத்திருந்தேன், முடியல. என்னை மன்னிச்சிடுங்க."

கார்த்தியாயனி திட்டவில்லை. அழவும் இல்லை.

"அப்போ பரிசு எதுக்குக் குடுத்தாங்க?"

"நீங்க வாயத் தொறக்காததுக்கு சேச்சி."

"அதுக்குப் பரிசு இங்கேயே தர்றேன்னாரே மொதலாளி" என்றாள் கார்த்தியாயனி. "நான்தான் வேணாம்னேன்."

பிறகு அவள் போனை வைத்துவிட்டாள். ரோசிலி அதன் பிறகு பலமுறை அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.